ஒரே கட்டுத்தரையில் கோமாரி: மற்ற மாடுகளை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் தாராபுரம் பக்கம். எட்டு நாளைக்கு முன்னால் சந்தையில் ஒரு ஜெர்சி கலப்புப் பசு வாங்கினோம். நேற்றிலிருந்து வாயில் நூல் நூலாக எச்சில் வடிகிறது, எட்டு லிட்டர் கறந்தது மூன்றாகிவிட்டது, பின்னங்காலை உதறிக்கொண்டே நிற்கிறது. கோமாரி என்கிறார்கள். எங்களிடம் இன்னும் மூன்று கறவை, ஒரு சினை மாடு, இரண்டு கன்று, ஆறு வெள்ளாடு இருக்கின்றன. அவற்றுக்கு ஐந்து மாதம் முன்பு தடுப்பூசி போட்டது. கட்டுத்தரை ஒன்றுதான். மாமனார் சேற்றில் நிறுத்தினால் சரியாகிவிடும் என்கிறார். மற்ற உருப்படிகளைக் காப்பாற்ற என்ன செய்வது? பால் கறக்க வெளியாள்தான் வருகிறார்.

பதில்:

அம்மணி, கடிதம் கிடைத்த அன்றே உங்களிடம் போனில் அவசரமானதை மட்டும் சொன்னேன். இந்த மழைக் காலத்தில் இதே நிலையில் இன்னும் பல கட்டுத்தரைகள் இருக்கும் என்பதால் முழுதாக எழுதுகிறேன்.

முதலில் இது கோமாரிதானா என்பதைப் பார்த்துவிடுவோம். எச்சில் வடிவதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. தொண்டையில் மாங்கொட்டையோ கயிறோ சிக்கியிருந்தாலும் எச்சில் வடியும். அதில் காய்ச்சலும் இருக்காது, காலும் நொண்டாது. மூன்று நாள் காய்ச்சலில் மாடு நொண்டும், ஆனால் வாயில் கொப்புளம் இருக்காது. வெறிநாய் கடித்த மாட்டுக்கும் எச்சில் வடியும். அதனால் மாடு ஒரு மாதிரி கத்துகிறது, முறைக்கிறது, விழுங்க முடியாமல் திணறுகிறது என்றால் வெறும் கையை வாய்க்குள் விடவே கூடாது. இந்தச் சந்தேகம் இல்லாவிட்டாலும் கையுறை போட்டுக்கொண்டே பாருங்கள்.

கோமாரி என்றால் வாய், குளம்பு இடுக்கு, மடிக்காம்பு மூன்றும் சேர்ந்து கதை சொல்லும். முதல் நாள் காய்ச்சல் 104, 105 டிகிரி வரை ஏறும். மாடு தீனியைத் தொடாமல் வாயை மூடிக்கொண்டு சப்புக்கொட்டும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். நாக்கின் மேல்புறத்திலும், மேல்வாய் ஈறிலும் நீர்க்கொப்புளம் எழும்பி, பெரும்பாலும் ஒரு நாளைக்குள் உடைந்துவிடும். உடைந்த இடத்தில் தோல் பட்டையாக உரிந்து அடியில் சிவந்த சதை தெரியும். நீங்கள் பார்க்கும்போது கொப்புளம் இல்லாமல் புண் மட்டும் இருந்தால் கோமாரி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், கொப்புளக் கட்டம் முடிந்துவிட்டது என்றுதான் பொருள். குளம்பு இடுக்கிலும் குளம்பின் மேல் ஓரத்திலும் அதே புண் இருக்கும். காலை உதறுவது அதனால்தான்.

புண்ணைப் பார்த்ததும் உப்பு, மஞ்சள் வைத்துத் தேய்க்கப் போய்விடாதீர்கள். கால்நடை மருத்துவர் வந்து எடுக்க வேண்டியது அந்த உரிந்த தோலைத்தான். எந்த வகைக் கிருமி என்று ஆய்வகத்தில் பார்க்க அதைவிட நல்ல மாதிரி கிடையாது. நம் நாட்டில் ஓ, ஏ, ஆசியா 1 என்று மூன்று வகை இருக்கின்றன. ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றுக்கு உதவாது. மருந்தகத்துக்கோ 1962 எண்ணுக்கோ உடனே சொல்லிவிடுங்கள். கோமாரி வந்தால் தெரிவிப்பதும், நோயாளி மாட்டைப் பிரித்துக் கட்டுவதும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளரின் பொறுப்பு. சொன்னால் பால் ஊற்ற விடமாட்டார்கள் என்று மறைப்பவர்கள் நிறையப் பேர். மறைத்த ஊரில்தான் பத்து நாளில் எல்லார் வீட்டிலும் பால் நிற்கும்.

சரி, அந்த எட்டு நாள் கணக்குக்கு வருவோம். கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய இரண்டு நாளிலிருந்து பதினான்கு நாள் வரை ஆகலாம், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள். அதாவது உங்கள் ஜெர்சி அனேகமாகச் சந்தையிலோ, வந்த வண்டியிலோ வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் வந்ததல்ல. இதில் கவனிக்க வேண்டியது, எச்சில் வடிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே பாலிலும் மூச்சிலும் கிருமி வெளியேற ஆரம்பித்துவிடும். ஆகவே அதே கட்டுத்தரையில் நின்ற கறவைகளை ‘நல்ல மாடு’ என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவை ‘பார்க்க வேண்டிய மாடு’. நோயாளி, நல்லது என்று இரண்டாகப் பிரிப்பதுதான் எல்லாரும் செய்வது. பிரிக்க வேண்டியது மூன்றாக. நோயாளி ஒன்று, அதோடு நின்றவை இரண்டாவது, இன்னும் அதன் பக்கமே போகாதவை மூன்றாவது. உங்கள் வீட்டில் மூன்றாவது கூட்டத்தில் வருவது கன்றுகளும் வெள்ளாடுகளும்தான், அவை தனியாகக் கட்டப்பட்டிருந்தால்.

இடம் இல்லை என்கிறீர்கள். நோயாளியை நகர்த்த இடம் தேடுவதால் அப்படித் தோன்றுகிறது. நொண்டும் மாட்டை வாசல் முழுக்க நடத்தினால் எச்சிலைத் தெளித்துக்கொண்டே போகும். அந்தக் கட்டுத்தரை ஏற்கெனவே அழுக்காகிவிட்டது. அதனால் ஜெர்சியை அங்கேயே ஓரமாக விட்டுவிட்டு, மற்றவற்றை வெளியே எடுங்கள். தோட்டத்தில் மரத்தடியோ, தென்னை வரிசையோ, கிணற்று மேடோ எதுவானாலும் சரி, உங்கள் சொந்த நிலத்துக்குள் இருந்தால் போதும். மழைக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டிக்கொள்ளலாம். பங்காளி தோட்டத்துக்கோ தங்கை வீட்டுக்கோ ஓட்டிப் போகவே கூடாது. அப்படி ‘காப்பாற்ற’ ஓட்டிய மாடு அடுத்த ஊருக்கு நோயைக் கொண்டுபோன கதை எனக்கு நிறையத் தெரியும்.

எங்கே கட்டுவது என்பதற்கு இரண்டே பார்வை. ஒன்று தண்ணீர். கட்டுத்தரையைக் கழுவின தண்ணீரும் மூத்திரமும் மழையோடு ஓடும் பக்கம் நல்ல மாடு நிற்கக் கூடாது, மேட்டுப் பக்கம் கட்டுங்கள். இன்னொன்று காற்று. ஐப்பசி கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். நோயாளியின் மூச்சு மற்றவை மேல் போகாமல் இருக்க, மற்றவற்றை வடக்கு அல்லது கிழக்குப் பக்கமாக எடுக்க வேண்டும். முப்பது நாற்பது அடி கிடைத்தால் நல்லது. அவ்வளவு இல்லாவிட்டாலும் மூக்கோடு மூக்கு தொடாத தூரமும், தனித் தண்ணித் தாழியும் கட்டாயம். சினை மாட்டைக் கறவைகளோடு நெருக்கமாகக் கட்டாதீர்கள். அதிகக் காய்ச்சலில் கரு கலைந்துவிடும் ஆபத்து அதற்கு உண்டு.

இனி நான் அதிகம் பயப்படும் விஷயம். தூரம் எவ்வளவு விட்டாலும், இடையில் நடமாடும் ஒரே உருப்படி மனிதன். உங்கள் வீட்டுக்கு வரும் கறவைக்காரர் காலையில் எத்தனை வீட்டில் கறக்கிறார்?

சில வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த பகுதியில் ஒரு தெருவில் கோமாரி வந்தது. முதல் வீட்டில் ஒரு மாடு. அதை வீட்டுக்காரர் அழகாகப் பிரித்து, வேறு தொழுவத்தில் கட்டி, வேப்பிலையெல்லாம் தோரணமாகத் தொங்கவிட்டிருந்தார். ஆறாம் நாள் நாலு வீடு தள்ளி ஒரு மாடு, ஏழாம் நாள் தெருக்கோடியில் இரண்டு. நடுவில் இருந்த வீடுகளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு இது புரியவில்லை. காற்றிலோ தண்ணீரிலோ போயிருந்தால் நடுவீட்டைத் தாண்டிக் குதித்திருக்காது. கடைசியில் விசாரித்தால், நோய் வந்த மூன்று வீட்டுக்கும் ஒரே கறவைக்காரர். நடு வீடுகளில் அவரவரே கறந்துகொண்டார்கள். முதல் வீட்டு மாட்டின் காம்பில் புண் இருந்தது. அந்தக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அதே துண்டோடு, அதே வாளியோடு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார். பாவம், அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே இன்றிலிருந்து உங்கள் வீட்டில் வெளியாள் கறக்க வேண்டாம். முடியவே முடியாது என்றால், அவர் மற்ற வீடுகளையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக உங்கள் வீட்டுக்கு வரட்டும், வந்த துணியோடு மறுநாள் வேறு வீட்டுக்குப் போகக் கூடாது. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஜெர்சிக்கு மட்டும், இன்னொருவர் மற்றவற்றுக்கு மட்டும். ஒரே ஆள்தான் என்றால் வரிசை மாறக் கூடாது: முதலில் கன்று, ஆடு. அப்புறம் கறவைகள், சினை மாடு. கடைசியாக ஜெர்சி. ஜெர்சியிடம் போய்விட்டால் அன்றைய வேளை முடிந்தது, குளித்துத் துணி மாற்றாமல் திரும்பி வரக் கூடாது. ஜெர்சிக்கென்று தனிச் செருப்பு, தனி வாளி, தனி முக்கணாங்கயிறு, தனி விளக்குமாறு. அந்தச் செருப்பு கட்டுத்தரை வாசலைத் தாண்டக் கூடாது.

கட்டுத்தரையைக் கழுவுவதில் ஒரு தவறு எங்கும் நடக்கிறது. பினாயில் ஊற்றினால் வாசம் வரும், மனசுக்குத் திருப்தியாக இருக்கும், ஆனால் கோமாரிக் கிருமிக்கு அது சரிப்பட்டு வராது. இந்தக் கிருமிக்குப் புளிப்பும் ஆகாது, காரமும் ஆகாது. கடையில் கிலோ கணக்கில் விற்கும் வாஷிங் சோடா, அதாவது சலவை சோடா, போதும். பத்து லிட்டர் வாளித் தண்ணீருக்கு நானூறு கிராம். சமையலுக்குப் போடும் ஆப்ப சோடா வேறு, அதில் அவ்வளவு காரம் கிடையாது, ஏமாந்துவிடாதீர்கள். முதலில் சாணம், மிச்சத் தீனி எல்லாம் வாரி எடுத்துத் தரையைத் தண்ணீர் விட்டுத் தேய்த்த பிறகே சோடாத் தண்ணீரை ஊற்ற வேண்டும். சாணத்தின் மேல் ஊற்றினால் அடியில் இருக்கும் கிருமி பத்திரமாக இருக்கும். ஊற்றிப் பத்து நிமிடமாவது விட்டு வையுங்கள். கையில் எரியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். புண்ணில் இதை ஊற்றிவிடாதீர்கள், இது தரைக்கும் வாளிக்கும் செருப்புக்கும் மட்டும். வாசலில் ஒரு பழைய சாக்கை இதில் நனைத்துப் போட்டால் மிதிக்கும் போதெல்லாம் கால் கழுவினது போல. மழையில் நீர்த்துப்போகும், அதனால் தினமும் புதிதாக நனைக்க வேண்டும். வாரிய சாணத்தையும் மிச்சத் தீனியையும் தோட்டத்து மூலையில் குழியில் போட்டு மண் தள்ளுங்கள். ஊர்ப் பொதுக் குப்பையில் கொட்டக் கூடாது.

கன்றுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய மாடு கோமாரியில் சாவது குறைவு, கன்றுதான் சாகும். வாயில் ஒரு கொப்புளம்கூட வராமலே நேராக இருதயத்தைத் தாக்கிவிடும். நேற்று துள்ளிய கன்று இன்று காலை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே விழும். ஆகவே கன்றுகளை ஜெர்சியின் பக்கம் விடாதீர்கள், அதன் பாலைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். மற்ற கறவைகளும் ‘பார்க்க வேண்டிய மாடு’ என்பதால், இரண்டு வாரத்துக்குக் கன்றை மடியில் விடாமல், கறந்து கொதிக்கவைத்து ஆற்றி வெதுவெதுப்பாகக் கொடுப்பது நல்லது. பிறந்து இரண்டு மூன்று நாள்தான் ஆன கன்று என்றால் சீம்பாலைக் கொதிக்கவைக்க முடியாது, திரிந்துவிடும். அதற்கு மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். கன்றுக்குக் காய்ச்சல் கண்டால் ஓட விடாதீர்கள், துரத்திப் பிடிக்காதீர்கள். இருதயம் தாங்காது.

வெள்ளாட்டை அலட்சியமாக விட்டுவிடுவோம். ஆட்டுக்கு கோமாரி லேசாகத்தான் வரும், இரண்டு நாள் நொண்டும், நாம் முள் குத்தியது என்று நினைத்துக்கொள்வோம். அது மேய்ச்சலுக்குப் போய் ஊர் மந்தைக்கே கொடுத்துவிட்டு வரும். இரண்டு வாரம் கட்டிப் போட்டே தழை போடுங்கள்.

இப்போது ஜெர்சிக்கு. கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது, புண் அழுகாமல் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து நாளில் ஆறும். மருத்துவர் மாதிரி எடுத்த பிறகு, வாயைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த தண்ணீரால் கழுவலாம். வெளிர் ரோஜா நிறம் போதும், ஊதா நிறத்தில் கலந்தால் புண் வெந்துவிடும். பிறகு போரோ கிளிசரின் தடவுங்கள். காலுக்கு அதே தண்ணீரில் கழுவித் துடைத்து, குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சி ஆற வைத்துத் தடவினால் ஈ மொய்க்காது. ஆன்டிபயாடிக் ஊசி வேண்டுமா என்பதைப் புண்ணைப் பார்த்து மருத்துவர் சொல்வார். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

மாமனார் சொல்வதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. எரியும் காலுக்குச் சேறு குளிர்ச்சி, ஈயும் வராது, மாடு கொஞ்ச நேரம் நிம்மதியாக நிற்கும். அதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் செய்தார்கள். ஆனால் சேற்றில் உள்ள அழுக்கு புண்ணுக்குள் போய், இரண்டாம் வாரத்தில் புழு வைக்கும். குளம்பு கழன்று விழுந்ததும் உண்டு. காய்ந்த மணல் பரப்பிய தரை, இல்லாவிட்டால் கனமாக வைக்கோல், அதுதான் அந்தக் காலுக்கு வேண்டியது. புழு வைத்துவிட்டால் கற்பூரத்தைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் கலந்து விடுங்கள், புழு வெளியே வந்துவிடும்.

தீனியில் இரண்டு எச்சரிக்கை. மாடு தின்னவில்லையே என்று வாளி வாளியாக அரிசிக் கஞ்சியும் கேழ்வரகுக் கூழும் வைக்கிறோம். பட்டினி கிடந்த வயிற்றில் அவ்வளவு மாவு போனால் புளித்துப்போய் வயிறு உப்பி, கோமாரியில் பிழைக்க வேண்டிய மாடு கஞ்சியில் போய்விடும். ஒரு வேளைக்கு ஓரிரு லிட்டர் கூழ் போதும். மற்றபடி இளம் புல், அகத்திக்கீரை என்று மெத்தென்று இருப்பதைக் கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். தொட்டியில் எந்நேரமும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். இன்னொன்று, மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ தலையைத் தூக்கிப் பிடித்து எதையும் ஊற்றாதீர்கள். வாயிலும் தொண்டையிலும் புண் இருக்கும் மாட்டுக்குப் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அப்புறம் மூன்றாம் நாள் மூச்சு வாங்கி நிற்கும்.

ஜெர்சியின் பாலைச் சங்கத்துக்கு ஊற்ற வேண்டாம். கேன்களும் ஆட்களும் கலக்கும் இடம் அது. கோமாரி மனிதர்களுக்கு வந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை, நன்றாகக் கொதித்த பாலை வீட்டில் குடிக்கலாம். ஆனால் ஊசி போட்டிருந்தால் மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலைத் தொடாதீர்கள். காம்பில் புண் இருந்தாலும் பாலை உள்ளே தேக்காதீர்கள், மடிநோய் வரும். மெதுவாகக் கறந்து, காம்பில் எண்ணெய் தடவி விடுங்கள்.

மற்ற மாடுகளைக் காப்பது இனி உங்கள் கையில் இருக்கும் ஒரு வெப்பமானியில்தான். காலையில் கறக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 101, 102 சரி. 103.5க்கு மேல் போனால், எச்சில் வடியாவிட்டாலும், அந்த மாட்டை அன்றே நோயாளிக் கூட்டத்துக்கு மாற்றுங்கள். கொப்புளம் தெரியும் வரை காத்திருந்தால் ஒரு நாள் தாமதமாகிவிடும், அந்த ஒரு நாளில்தான் கிருமி அதிகம் பரவும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். கடைசியாக நோய் கண்ட மாட்டிலிருந்து பதினான்கு நாள் புதிதாக எதற்கும் காய்ச்சல் இல்லை என்றால் உள்ளே பரவுவது நின்றுவிட்டது. ஆனாலும் கட்டுத்தரையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, புண்ணெல்லாம் ஆறி ஒரு மாதம் வரை எந்த உருப்படியையும் விற்கவோ சந்தைக்கு ஓட்டவோ காளைக்குச் சேர்க்கவோ வேண்டாம்.

ஐந்து மாதம் முன் போட்ட ஊசி வீண் என்று நினைக்காதீர்கள். எதிர்ப்பு ஆறு மாதம் நெருங்கும்போது குறையும், அதனால் உங்கள் கறவைகளுக்கு வந்தாலும் லேசாக வந்து போக வாய்ப்பு அதிகம். ‘இப்போதே எல்லாவற்றுக்கும் ஊசி போட்டுவிடலாமா’ என்று போனில் கேட்டீர்கள். ஏற்கெனவே கிருமி உள்ளே போன மாட்டுக்கு ஊசி பலனளிக்காது, நல்ல மாட்டுக்கும் எதிர்ப்பு வர ஒரு வாரம் பத்து நாளாவது ஆகும். ஊசி போடுபவரே உங்கள் கட்டுத்தரையிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போனால் அதுவும் ஆபத்து. முதலில் போட வேண்டியது சுற்றியுள்ள ஊர்களின் மாடுகளுக்கு, வெளியிலிருந்து உங்கள் வீட்டை நோக்கி. அதை மருந்தகம் செய்யட்டும். உங்கள் கன்றுகளுக்கு நாலு மாதம் முடிந்திருந்தால் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று.

ஜெர்சியின் காதில் மஞ்சள் தோடு இருக்கிறதா பாருங்கள். அதில் உள்ள பன்னிரண்டு இலக்க எண்ணைச் சொன்னால் அதற்கு எப்போது ஊசி போட்டது என்று மருந்தகத்தில் பார்த்துச் சொல்வார்கள். வாங்கும் முன் இதைப் பார்த்திருக்கலாம். அடுத்த தடவை சந்தையிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் இருபத்தொரு நாள் அந்தத் தென்னை வரிசையிலேயே கட்டுங்கள், கட்டுத்தரைக்குள் விடாமல்.